"ஈஸ்னோபீலியா"னு எட்டு வருஷம் வைத்தியம்: ஒரு ஆஸ்துமா நோயாளியோட நிகழ்வு ஆய்வு

இது திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனில டெய்லரா வேலை பாக்குற 36 வயசு பெண்மணியோட கேஸ். அவங்க சம்மதத்தோட எழுதுறேன், அடையாளம் தெரியுற மாதிரியான விவரம் எதுவும் போடல. நான் நெஞ்சக நோய் டாக்டர். இந்த கேஸை முழுசா எழுதக் காரணம், நம்ம ஊர்ல "ஈஸ்னோபீலியா"ங்கற பேரை ஒரு தனி வியாதி மாதிரி சொல்லி வருஷக்கணக்கா மாத்திரை குடுக்குறது இன்னும் நடக்குது, அந்த பேருக்கு அடியில சும்மா ஒரு சாதாரண ஆஸ்துமா உக்காந்திருக்குறதை யாரும் பாக்காம விட்டுடுறாங்க.

பின்னணி

சின்ன வயசுல வீசிங் இருந்திருக்கு, பத்து வயசுக்கு மேல தானா நின்னு போச்சு. 28 வயசுல ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் மறுபடி ஆரம்பிச்சிருக்கு. காலைல எழுந்ததும் வரிசையா தும்மல், மூக்கடைப்பு, அப்புறம் ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு இருமல் வந்து எழுந்து உக்காந்துக்கறது. வேலை அதிகமா இருக்குற சமயத்துல ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு வந்து படுத்தா அந்த ராத்திரி தூக்கமே இருக்காதுன்னு சொன்னாங்க.

எட்டு வருஷமா அவங்க வைத்தியம் ஒரே மாதிரிதான் போயிருக்கு. மூச்சு வாங்க ஆரம்பிச்சா பக்கத்து கிளினிக்குல ரெண்டு ஊசி, ஒண்ணு மூச்சுக்குழாயை விரிக்குற டெரிஃபிலின், இன்னொண்ணு டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு. ரெண்டு நாள்ல சரியாகிடும், ஒரு மாசம் ஒன்றரை மாசத்துல திரும்ப வரும். நடுவுல மெடிக்கல்ல தானே போய் நீல கலர் சால்பூட்டமால் இன்ஹேலர் வாங்கி வச்சுக்கிட்டாங்க. அதுல 200 பஃப் இருக்கும், அது அவங்களுக்கு ஒரு மாசம்தான் வருது. அதாவது ஒரு நாளைக்கு ஆறேழு பஃப். வருஷத்துக்கு மூணு டப்பாவுக்கு மேல போனாலே அட்டாக் வர்ற அபாயம் கூடுது, மாசம் ஒண்ணுங்கற கணக்குக்கு வந்தா உயிருக்கே ஆபத்து கூடுதுங்கறது நல்லா நிரூபிச்ச விஷயம். ஆனா அவங்களைப் பொறுத்தவரைக்கும் அந்த நீல இன்ஹேலர்தான் அவங்களை வேலைக்கு போக வைக்கிற ஒரே துணை.

இதுக்கு நடுவுல ஒரு ரத்த டெஸ்ட்ல ஈசனோஃபில்ங்கற ஒரு வகை வெள்ளை அணு 14 சதவீதம்னு வந்திருக்கு. "உங்களுக்கு ஈஸ்னோபீலியா"னு சொல்லி டிஇசி மாத்திரை, அதாவது யானைக்கால் புழுவுக்கு குடுக்குற டைஎத்தில்கார்பமசின், 21 நாள் கோர்ஸ் குடுத்திருக்காங்க. அது ஒரு தடவை இல்ல, மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் நல்லாருந்துதுன்னு அவங்களே சொன்னாங்க, அதனால நாலாவது கோர்ஸ் வேணும்னு கேட்டுத்தான் எங்ககிட்ட வந்தாங்க.

"அந்த புழு மாத்திரையும் ஊசியும் சேந்து போட்டா எனக்கு கேக்குமுங்க டாக்டர், அதையே எழுதிக் குடுத்துருங்க"ன்னாங்க.

ஃபைல்ல இருந்த துப்பு

அவங்க ஒரு மஞ்சப் பையில எல்லா ரிப்போர்ட்டும் மருந்துச்சீட்டும் பில்லும் போட்டு வச்சிருந்தாங்க. அதையெல்லாம் டேபிள்ல தேதி வாரியா அடுக்கினப்போதான் விஷயம் புரிய ஆரம்பிச்சுது.

மூணு ரத்த ரிப்போர்ட் இருந்துச்சு. முதல்ல 14 சதவீதம், மொத்த வெள்ளை அணு 8,200, அப்போ ஈசனோஃபில் எண்ணிக்கை சுமார் 1,150. அடுத்த வருஷத்து ரிப்போர்ட்ல வெறும் 1 சதவீதம், எண்ணிக்கை 100க்கும் கீழ, அதுல யாரோ பேனாவால "நார்மல்"னு வட்டம் போட்டிருந்தாங்க, "ஈஸ்னோபீலியா குணமாயிடுச்சு"ன்னு அப்போ சொல்லியிருக்காங்க. மூணாவதுல திரும்ப 11 சதவீதம், எண்ணிக்கை 870 வாக்குல.

நடுவுல இருந்த அந்த 1 சதவீத ரிப்போர்ட்டோட தேதியை பில்லோட சேத்துப் பாத்தா, அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டிருக்காங்க. ஸ்டீராய்டு உடம்புக்குள்ள போன சில மணி நேரத்துலயே ரத்தத்துல ஈசனோஃபில் சரசரன்னு இறங்கிடும். அப்போ அந்த ரிப்போர்ட் காட்டுனது வியாதி போனதை இல்ல, முந்தின நாள் போட்ட ஊசியை.

டிஇசி சீட்டு மூணையும் பாத்தோம். மூணுலயும் டிஇசியோட கூடவே ஒரு வாரத்துக்கு பிரெட்னிசோலோன் மாத்திரை எழுதியிருந்துச்சு. ஸ்டீராய்டு வேலை செஞ்சுது, பேரு புழு மாத்திரைக்கு போச்சு. ஊசி விஷயமும் இதேதான். டெரிஃபிலின்தான் கேக்குதுன்னு அவங்க நம்பிட்டு இருந்தாங்க, ஆனா மூச்சை ரெண்டு நாள்ல நேராக்குனது பக்கத்துல போட்ட டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டுக்கு இவ்ளோ அழகா அடங்குற மூச்சுத்திணறல், அடங்குன ஒரு மாசத்துல திரும்ப வர்ற மூச்சுத்திணறல், இதுவே உள்ள நடக்குறது ஈசனோஃபில் சார்ந்த அழற்சிங்கறதுக்கு ஒரு பெரிய அடையாளம்.

என்ன பாத்தோம்

வந்த அன்னைக்கு முழு வாக்கியமா பேச முடிஞ்சுது, ஆக்ஸிஜன் 96, மூச்சு நிமிஷத்துக்கு 22. ரெண்டு பக்கமும் விசில் சத்தம். மூக்குக்குள்ள வெளிறி வீங்கியிருந்துச்சு, பாலிப் இல்ல. தலைவலி மாத்திரை, வலி மாத்திரை போட்டா மூச்சு முட்டுமான்னு கேட்டோம், இல்லன்னாங்க. கடைசியா ஸ்டீராய்டு போட்டு அஞ்சு வாரம் ஆகியிருந்துச்சு, அது நல்ல வாய்ப்பு, ரத்தத்தை அன்னைக்கே வேற எந்த மருந்தும் குடுக்குறதுக்கு முன்னாடி எடுத்துட்டோம்.

ஸ்பைரோமெட்ரில எஃப்இவி1, அதாவது முதல் ஒரு செகண்ட்ல ஊதித் தள்ளுற காத்து, 1.38 லிட்டர், அவங்க வயசுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதுல 61 சதவீதம். சால்பூட்டமால் 400 மைக்ரோகிராம் குடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்ப ஊதச் சொன்னா 1.71 லிட்டர் வந்துச்சு. 330 மில்லி ஏறிடுச்சு, 24 சதவீதம். 12 சதவீதமும் 200 மில்லியும் ஏறினாலே குழாய் சுருங்கி விரியுதுன்னு எடுத்துக்கலாம், இது அதுக்கு ரொம்ப மேல.

ஈசனோஃபில் எண்ணிக்கை 924. அலர்ஜில ஏறுற எதிரணுவான ஐஜிஇ மொத்தம் 640. மூச்சுல வர்ற நைட்ரிக் ஆக்ஸைடை அளக்குற ஃபீனோ டெஸ்ட்ல 68, பெரியவங்களுக்கு 50க்கு மேல போனா அதிகம்னு எடுத்துக்குவோம். எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு.

சளி மஞ்சளா வருதுன்னு சொன்னாங்க, அதுக்காக வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை ஆன்டிபயாடிக்கும் சாப்பிட்டிருக்காங்க. அந்த சளியை ஸ்லைடுல தேய்ச்சு மைக்ராஸ்கோப்ல பாக்க சொன்னோம். பேத்தாலஜிஸ்ட் கூப்பிட்டு காமிச்சாங்க. கிருமியைத் தேடி வந்த நியூட்ரோஃபில் கூட்டம் இல்ல அது, ஃபீல்டு முழுக்க ஆரஞ்சு கலந்த சிவப்பு துகளோட ரெண்டு மடல் உட்கரு உள்ள ஈசனோஃபில்கள், நடுநடுவுல ரெண்டு பக்கமும் கூரா இருக்குற ஊசி மாதிரி நிறமில்லாத படிகங்கள். அதுக்கு சார்கோ லைடன் படிகம்னு பேரு, ஈசனோஃபில் உடைஞ்சு சிதறும்போது அதுக்குள்ள இருக்குற ஒரு புரதம் படிகமா மாறுறது. சளி மஞ்சளா இருந்தாலே இன்ஃபெக்‌ஷன்னு இல்ல, ஈசனோஃபில் நிறைய இருந்தாலும் மஞ்சளாத்தான் வரும். இவங்க சாப்பிட்ட ஆன்டிபயாடிக்ல பாதிக்கு மேல தேவையே இல்லாததுன்னு நான் நினைக்கிறேன்.

வேற எதுவும் இல்லன்னு எப்படி முடிவு பண்ணோம்

ஈசனோஃபில் அதிகம்னதும் ஆஸ்துமான்னு முடிச்சுடக் கூடாது, நம்ம ஊர்ல குறிப்பா கூடாது. டிராபிகல் பல்மனரி ஈசனோஃபிலியான்னு நிஜமாவே ஒரு வியாதி இருக்கு, அது யானைக்கால் புழுவுக்கு உடம்பு காட்டுற மிகையான எதிர்ப்பு, அதுக்கு டிஇசிதான் மருந்து. ஆனா அதுல ஈசனோஃபில் எண்ணிக்கை பொதுவா 3,000க்கு மேல இருக்கும், ஐஜிஇ ஆயிரத்தைத் தாண்டி எங்கயோ போகும், யானைக்கால் புழுவுக்கான எதிரணு பாசிட்டிவ் வரும், எக்ஸ்ரேல பல பேருக்கு பொடிப்பொடியா நிழல் தெரியும், உடம்பு இளைக்கும். இவங்களுக்கு எண்ணிக்கை ஆயிரம் பக்கத்துல, எதிரணு நெகட்டிவ், மூணு கோர்ஸ் டிஇசிக்கு அப்புறமும் அதே நிலைமை. அந்த வியாதியா இருந்திருந்தா முதல் கோர்ஸ்லயே கதை மாறியிருக்கணும்.

அடுத்து ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை அலர்ஜி. ஆஸ்துமாக்காரங்கள்ல ஒரு பகுதி பேருக்கு இது கூடவே இருக்கும், விட்டா மூச்சுக்குழாயே விரிஞ்சு கெட்டுப்போயிடும். ஐஜிஇ 640 இருந்ததால அதுக்கான தனி ஐஜிஇ டெஸ்ட் பாத்தோம், நெகட்டிவ். குடல் புழுவுக்கு மலம் மூணு நாள் தனித்தனியா பாத்தோம், எதுவும் இல்ல. கை கால் மரத்துப் போறது, தோல்ல புண்ணு, இந்த மாதிரி ரத்தக்குழாய் அழற்சியோட அடையாளமும் இல்ல.

பஞ்சு தூசியும் யோசிச்சோம். பஞ்சு தூசியால வர்ற பைசினோசிஸ்ங்கற வியாதில லீவு முடிஞ்சு வேலைக்கு போற முதல் நாள் நெஞ்சு இறுக்கம் அதிகமா இருக்கும், போகப்போக குறையும். இவங்களுக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரியும் அதே இருமல்தான், தீபாவளி லீவுல ஊருக்கு போனப்பவும் வந்திருக்கு. அது போக இவங்க வேலை தைக்குற பிரிவுல, பஞ்சு பிரிக்குற இடத்துல இல்ல. தூசி தூண்டிவிடலாம், மூல காரணம் அது இல்லன்னு முடிவு பண்ணோம்.

உள்ள நடக்குறது என்ன

இதை அவங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் படம் போட்டு சொன்னேன், இங்க கொஞ்சம் விரிவா சொல்றேன்.

மெத்தைலயும் தலகாணிலயும் இருக்குற தூசிப்பூச்சியோட கழிவுல புரதத்தை அறுக்குற என்சைம் இருக்கு. அது மூச்சுக்குழாயோட உள்தோலை அரிக்கும்போது அந்த செல்கள் டிஎஸ்எல்பி, ஐஎல்-33 மாதிரியான எச்சரிக்கை சிக்னலை விடுது. அந்த சூழ்நிலைல, இன்னும் எந்த வேலைக்கும் போகாத டி செல்கள் ரெண்டாம் வகை ஹெல்பர் டி செல்களா மாறுது. இந்த டி செல்கள் தான் முழு கச்சேரியையும் நடத்துது, மூணு முக்கியமான சிக்னல் வழியா. ஐஎல்-4 போய் பி செல்லை ஐஜிஇ தயாரிக்க வைக்குது, அந்த ஐஜிஇ மாஸ்ட் செல் மேல ஒட்டிக்கிட்டு அடுத்த தடவை தூசி பட்டதும் வெடிக்கத் தயாரா இருக்கு. ஐஎல்-5 எலும்பு மஜ்ஜை வரைக்கும் போய் ஈசனோஃபிலை உருவாக்கி வெளிய அனுப்பி, வந்தது சாகாம காப்பாத்துது. ஐஎல்-13 சளி சுரக்குற செல்களைப் பெருக்குது, குழாயைச் சுத்தி இருக்குற தசையை சின்ன தூண்டுதலுக்கே சுருங்குற மாதிரி ஆக்குது, மூச்சுல நைட்ரிக் ஆக்ஸைடு ஏறுறதும் இதனாலதான்.

ஈசனோஃபில் ரத்தத்துல இருக்குறது ஒரு நாளுக்கும் கம்மியாதான், அது ஒரு வழிப்பாதை மட்டும். திசுவுக்குள்ள போயிட்டா நாள்கணக்குல, வாரக்கணக்குல தங்கும். அங்க அது தன் துகள்கள்ல இருக்குற விஷப் புரதங்களை கொட்டும்போது உள்தோல் உரிஞ்சு போகுது. தோல் உரிஞ்சா மறுபடி எச்சரிக்கை சிக்னல், மறுபடி டி செல். இந்த சுத்துதான் நாள்பட்ட அழற்சி. மூச்சு முட்டாத நாள்லயும் இது ஓடிக்கிட்டே இருக்கு, இவங்களோட ஃபைல்ல 1,150, 870, 924ன்னு இருக்குற எண்கள் சொல்றது அதைத்தான். ஈஸ்னோபீலியாங்கறது தனி வியாதி இல்ல, ஆஸ்துமாவோட உள் வேலை ரத்தத்துல எட்டிப் பாக்குறது.

நீல இன்ஹேலர் பீட்டா ஏற்பியைப் பிடிச்சு தசையைத் தளர்த்தும், அவ்ளோதான். ஈசனோஃபிலை ஒண்ணும் பண்ணாது. இதை சொல்லி முடிச்சதும் அந்த அம்மா அவங்க தொழில்லயே ஒண்ணு சொன்னாங்க: "அப்போ மிஷின்ல ஊசி முனை போயி நூல் அறுந்துட்டே இருக்குதுங்க, நான் ஊசிய மாத்தாம நூலையே கோத்துட்டு இருக்கறனுங்களா?" அதுக்கு மேல நான் விளக்க வேண்டியது இல்லாம போச்சு.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

டிஇசி நாலாவது கோர்ஸ் குடுக்கல. அன்னைக்கு ஸ்டீராய்டு ஊசியும் குடுக்கல, ஏன்னா அவங்க அட்டாக்ல இல்ல, ஏற்கனவே வருஷத்துக்கு எட்டு பத்து ஊசி போட்டிருக்காங்க, சர்க்கரை, எலும்பு தேய்மானம், கண்புரை எல்லாம் இந்த மாதிரி துண்டுதுண்டா போடுற ஸ்டீராய்டு சேந்தே வரும்.

பியூடசோனைடுங்கற ஸ்டீராய்டும் குழாயை விரிக்குற ஃபார்மோட்ரோலும் சேந்த இன்ஹேலர், 200/6 அளவு, காலைல ரெண்டு சாயங்காலம் ரெண்டு. நடுவுல மூச்சு வாங்கினா நீலத்தை எடுக்காம இதையே ஒண்ணு எடுத்துக்கணும், எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 12ஐ தாண்டக் கூடாது. ஃபார்மோட்ரோல் ஓரிரு நிமிஷத்துல வேலை செய்ய ஆரம்பிச்சுடும், அதனால அவசரத்துக்கும் கேக்கும், ஆனா ஒவ்வொரு இழுப்போடயும் ஸ்டீராய்டும் உள்ள போகும். 2019ல இருந்து உலக அளவு ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, சால்பூட்டமாலை மட்டும் தனியா வச்சு பெரியவங்களுக்கும் டீன் ஏஜ் பசங்களுக்கும் வைத்தியம் பண்ணாதீங்கன்னு சொல்றதுக்கு காரணம் இதுதான். மூக்குக்கு தனியா ஒரு ஸ்டீராய்டு ஸ்ப்ரே குடுத்தோம், மூக்குல நடக்குறதும் அதே வகை அழற்சிதான்.

ஸ்டீராய்டுன்னதும் வீட்டுக்காரர் தயங்கினார், "பழக்கமாயிடும்னு அம்மா சொல்றாங்க சார்"ன்னார். கணக்கு போட்டு காமிச்சேன். கிளினிக்குல போட்ட 8 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் கணக்குல 50 மில்லிகிராமுக்கு மேல, அது ரத்தத்து வழியா உடம்பு முழுக்க போகுது. இன்ஹேலர்ல ஒரு நாள் முழுக்க போறது 800 மைக்ரோகிராம், ஒரு மில்லிகிராம் கூட இல்ல, அதுவும் நேரா குழாய்ல படுது, தொண்டைல படிஞ்சு முழுங்குறதுல பெரும்பகுதியை ஈரல் உடைச்சிடும். வாய் கொப்பளிச்சு துப்பணும், இல்லன்னா வாய்ல வெள்ளை பூஞ்சை வரும், குரல் கம்மும். அதை மறைக்காம சொன்னோம்.

அப்புறம் நடந்தது

ரெண்டு வாரத்துல ராத்திரி இருமல் பாதியா குறைஞ்சுது. ஆறாவது வாரம் எஃப்இவி1 1.84 லிட்டர், ஃபீனோ 31. ஈசனோஃபில் எண்ணிக்கை 610க்குத்தான் இறங்கியிருந்துச்சு, அதுல ஆச்சரியம் இல்ல, இன்ஹேலர் குழாய்லதான் வேலை செய்யுது, மஜ்ஜைல இல்ல. ரத்தத்து எண்ணை மட்டும் பாத்து "மருந்து கேக்கல"ன்னு முடிவு பண்ணிடக் கூடாது.

மூணாவது மாசம் வரச் சொன்னது, வரல. தீபாவளி ஆர்டர் சீசன், கம்பெனில லீவு கிடைக்கல, மூச்சும் நல்லாருக்கு, இன்ஹேலர் தீந்தப்போ திரும்ப வாங்கல. சரியாயிடுச்சுங்கற நினைப்புதான். ரெண்டு மாசம் வரைக்கும் பெருசா ஒண்ணும் தெரியல, காலைத் தும்மல் மட்டும் திரும்பியிருக்கு. மார்கழில பையனுக்கு சளி பிடிச்சு அது இவங்களுக்கும் தொத்திக்கிச்சு. மூணாவது நாள் ராத்திரி, பழைய நீல இன்ஹேலர்ல இருபது பஃபுக்கு மேல அடிச்சும் அடங்காம அவசர சிகிச்சைக்கு கொண்டு வந்தாங்க. ஆக்ஸிஜன் 89, ரெண்டு வார்த்தைக்கு மேல பேச முடியல.

ஆக்ஸிஜன், சால்பூட்டமாலும் இப்ராட்ரோப்பியமும் சேத்து நெபுலைசர், ஹைட்ரோகார்ட்டிசோன் நரம்பு வழியா, அப்புறம் பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம் வீதம் அஞ்சு நாளுக்கு. மூணாவது நாள் வீட்டுக்கு போனாங்க. ஃபைல் அட்டைல "ஸ்டீராய்டுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கவும்"னு ஒரு சீட்டு ஒட்டியிருந்தோம், டியூட்டி டாக்டர் அதைப் பாத்து அந்த அவசரத்துலயும் நரம்பு போடும்போதே ஒரு டியூப் எடுத்து வச்சாங்க. எண்ணிக்கை 1,060. மருந்தை நிறுத்தினதும் அழற்சி சத்தமில்லாம முழுசா திரும்பிடுச்சு, வைரஸ் சளி வந்து அதுமேல தீக்குச்சியை மட்டும்தான் போட்டுச்சு.

டிஸ்சார்ஜுக்கு முன்னாடி எங்க நர்ஸ் அவங்களோட சொந்த கருவிலயே மருந்து எடுத்துக் காமிக்க சொன்னாங்க. கேப்ஸ்யூல் போட்டு இழுக்குற வகை அது. மூச்சை முதல்ல வெளிய விடாமலே மெதுவா உறிஞ்சினாங்க, கருவியைத் திறந்து பாத்தா கேப்ஸ்யூலுக்குள்ள பவுடர்ல பெரும்பாதி அப்படியே இருக்கு. இந்த வகைக்கு வேகமா, ஆழமா இழுக்கணும், கேப்ஸ்யூல் சுத்துற சத்தம் கேக்கணும், முடிச்சதும் திறந்து பாத்து மிச்சம் இருந்தா மறுபடி இழுக்கணும். அப்போ ஆறு வாரத்துல கிடைச்ச அந்த முன்னேற்றமே அரைகுறை டோஸ்ல வந்தது. குழாய் சுருங்கின நேரத்துல இவங்களால அவ்ளோ வேகமா இழுக்க முடியாதுன்னு ஸ்பேசரோட பஃப் அடிக்குற இன்ஹேலருக்கு மாத்தினோம், அதே மருந்து, அதே அளவு. ஸ்பேசர்ல வச்சு மெதுவா இழுத்தா போதும், பத்து செகண்ட் மூச்சைப் பிடிக்கணும்.

வீட்டுல தலகாணி, போர்வையை வாரத்துக்கு ஒரு தடவை சுடுதண்ணில துவைக்கவும், பெருக்குறதுக்கு பதிலா ஈரத்துணியால துடைக்கவும் சொன்னோம். இதனால மட்டும் ஆஸ்துமா அடங்கும்னு சொல்ல ஆதாரம் பலமா இல்ல, மருந்தோட சேத்து செய்யுறதுல தப்பில்ல, அந்த அளவுக்குத்தான்.

ஊசி பத்தின கேள்வி

அட்டாக் முடிஞ்சு வந்த வாட்டி வீட்டுக்காரர், ஈசனோஃபிலை அடியோட குறைக்க புது ஊசி இருக்காமே, அதைப் போட்டுடலாமான்னு கேட்டார். இருக்கு. மெப்போலிசுமாப் ஐஎல்-5ஐ பிடிச்சு கட்டிப்போடும், நாலு வாரத்துக்கு ஒரு தடவை தோலுக்கு அடில போடுறது. அந்த மருந்தோட வரலாறே இந்த கேஸுக்கு நல்லா பொருந்தும். ஆரம்பத்துல ஆஸ்துமா இருக்குற எல்லாருக்கும்னு குடுத்துப் பாத்தாங்க, ஈசனோஃபில் குறைஞ்சுது, ஆனா நோயாளிகளுக்கு பெருசா பலன் தெரியல, மருந்தையே ஓரங்கட்டுற நிலைமை. 2009ல ஸ்டீராய்டு போட்டும் சளில ஈசனோஃபில் அடங்காம, திரும்பத் திரும்ப அட்டாக் வர்றவங்களா பொறுக்கியெடுத்து குடுத்தப்போதான் அட்டாக் நல்லா குறைஞ்சது தெரிஞ்சுது. ஆஸ்துமா எல்லாமே இந்த ரெண்டாம் வகை அழற்சி இல்ல, ஈசனோஃபில் இல்லாத ஆஸ்துமாவும் உண்டு, அவங்களுக்கு இந்த ஊசி உதவாது.

இவங்க விஷயத்துல அழற்சி அந்த வகைதான், ஆனா இன்ஹேலர் ஸ்டீராய்டு இன்னும் முழு டோஸ்ல ஒழுங்கா உள்ள போகவே இல்ல. கருவியை சரியா பிடிக்காததும் மருந்தை நிறுத்தினதும்தான் காரணமா இருக்கும்போது, விலை கூடின ஊசிக்கு போறது நியாயம் இல்ல. ஆறு மாசம் சரியா எடுத்தும் அட்டாக் வந்தா அப்போ பேசுவோம்னு சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க.

முடிவு

அட்டாக்குக்கு அப்புறம் ஆறு மாசம் ஆனப்போ எஃப்இவி1 1.98 லிட்டர், 88 சதவீதம். ஃபீனோ 22, ஈசனோஃபில் 480. ராத்திரி எழுந்துக்கறது இல்ல. அவசர பஃப் மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ. அந்த ஆறு மாசத்துல ஒரு ஸ்டீராய்டு ஊசியும் இல்ல, ஆன்டிபயாடிக்கும் இல்ல. நுரையீரல் முழு நூறுக்கு திரும்பல, எட்டு வருஷ அழற்சில குழாயோட சுவர் கொஞ்சம் தடிச்சுப் போயிருக்கலாம், அது எந்த அளவுக்கு திரும்பும்னு இனிமேதான் தெரியும்.

என்ன மாத்தியிருக்கோம்

எங்க ஓபில இப்போ ரத்தம் எடுக்குற சீட்டுலயே "கடைசி ஸ்டீராய்டு ஊசி அல்லது மாத்திரை எப்போ"ன்னு ஒரு வரி சேத்துட்டோம். தேதி இல்லாத ஈசனோஃபில் எண்ணிக்கையை வச்சு முடிவு எடுக்கறதில்ல, ஒரு தடவை நார்மல்னு வந்தாலும் ஸ்டீராய்டு இல்லாத சமயத்துல இன்னொரு தடவை பாக்குறோம். பழைய சீட்டுகள்ல டிஇசியோட பிரெட்னிசோலோன் இருக்கான்னு தேடிப் பாக்குறது இப்போ எனக்கு வழக்கமாயிடுச்சு, அடிக்கடி கண்ணுல படுது.

இன்ஹேலர் எழுதின அன்னைக்கே நர்ஸ் முன்னாடி ஒரு தடவை எடுத்துக் காட்டணும், அப்புறம் ஒவ்வொரு விசிட்லயும். ஆறாவது வாரம் நல்லாருக்குன்னு சொல்லி வர்றவங்ககிட்டதான் இப்போ அதிக நேரம் பேசுறோம், ஏன்னா மருந்தை விடுறது அந்த சமயத்துலதான். சீசன் நேரத்துல லீவு கிடைக்காதவங்களுக்கு மூணு மாசத்துக்கு சேத்து மருந்து எழுதி, நடுவுல போன்ல கேக்குறோம். வீட்டுல மிச்சம் இருக்குற நீல இன்ஹேலரை கொண்டு வரச் சொல்லி வாங்கி வச்சுக்கறோம், இவங்க கொண்டு வந்தப்போ பைல நாலு இருந்துச்சு.

இப்போ அவங்க டோஸ் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு பாதியாகியிருக்கு. மூணு மாசம் கழிச்சு ஸ்பைரோமெட்ரியும் ஃபீனோவும் பாப்போம். ஃபீனோ திரும்ப 50 பக்கம் ஏறினா, அவங்களுக்கு மூச்சு நல்லாருந்தாலும் பழைய டோஸுக்கே போறதுன்னு பேசி வச்சிருக்கோம்.